அடுக்குத் தகடுகளை வெளியே சுடக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பொடிக்கூழை மெல்லிய நாடாவாகப் பரப்பி உலர்த்தும் டேப் காஸ்டிங்கில் செய்த அலுமினாத் தகடுகளைக் கூலிக்குச் சுட்டுத்தரும் ஓர் இடத்தில் கொடுத்து ஏமாந்தேன். 0.2 மி.மீ. தகடுகள் பத்தை அழுத்தி ஒட்டிய 2 மி.மீ. அடுக்குகள் அவை. திரும்பி வந்தபோது எல்லாவற்றிலும் கொப்புளம்; ஓரங்கள் புத்தகத் தாள்போலப் பிரிந்திருந்தன. கேட்டதற்கு, “நீங்க சரியா உலர்த்தல சார், அதான் வெடிச்சிருக்கு” என்று சொல்லி முழுக்கூலியும் வாங்கிக்கொண்டார்கள்.

உலர்த்தலில் வந்த விரிசல் என்றால் சுடும் முன்பே இருந்திருக்கும். ஒவ்வொரு தகட்டையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துத்தான் அடுக்கினேன். மயிரிழை விரிசல் இருந்தாலும் வெளிச்சம் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று, அதே சுருளில் வெட்டிய ஒற்றைத் தகடுகளும் அதே சூளையில்தான் வெந்தன. அவற்றுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பிறகு வற்புறுத்தி சூளையின் பதிவை வாங்கிப் பார்த்தேன். தொடக்கத்திலிருந்தே நிமிடத்துக்கு 5 டிகிரி! என் தகட்டில் எடையில் பத்து சதவீதம், பொடியை ஒட்டிப் பிடிக்கும் பி.வி.பி. பைண்டரும் அதை நெகிழவைக்கும் பிளாஸ்டிசைசரும். அலுமினா கனமானது என்பதால், பருமனளவில் அது கால்பங்குக்கும் மேல். அதில் பெரும்பகுதி 200-லிருந்து 400 டிகிரிக்குள் சிதைந்து வாயுவாகிறது. அவர்கள் வேகத்தில் அந்த 200 டிகிரியைக் கடக்க 40 நிமிடம். நிமிடத்துக்கு அரை டிகிரி என்றால் ஆறு மணி நாற்பது நிமிடம் ஆகும். ஒற்றைத் தகட்டில் வாயு உடனே வெளியேறிவிடும். 2 மி.மீ. அடுக்கின் நடுவிலோ, துளைகளெல்லாம் பைண்டரால் அடைபட்டிருக்கும்போது அதற்கு வழியில்லை. அடுக்குகளுக்கு நடுவே முட்டிப் பிளக்கிறது.

அடுக்கு சரியாக ஒட்டாவிட்டாலும் இப்படிப் பிரியலாம் என்பது உண்மைதான். அதனால் கைவசம் வைத்திருந்த ஒரு சுடாத அடுக்கை, 600 டிகிரி வரை அரை டிகிரி வேகத்தில் ஏற்றி வேறொரு சூளையில் சுட்டேன். முழுசாக வந்தது.

அவர்கள் வழக்கமாகச் சுடுவது ஸ்லிப் காஸ்டிங் மூசைகள். அதில் பிளாஸ்டர் அச்சு நீரை உறிஞ்சித்தான் சுவர் கட்டுகிறது. பைண்டர் பெரும்பாலும் ஒரு சதவீதம்கூட இருக்காது, துளைகளும் திறந்தே கிடக்கும். ஒழுங்காகக் காய்ந்துவிட்டால் 5 டிகிரி வேகத்தைத் தாங்கிக்கொள்ளும். தடித்த அடியும் மெல்லிய சுவரும் வெவ்வேறு வேகத்தில் காய்வதாலோ, சுருங்கும்போது அச்சில் ஒட்டிக்கொள்வதாலோதான் அங்கே விரிசல் வரும். எனவே எது உடைந்தாலும் “உலர்த்தல்” என்பது அவர்கள் வாயில் தயாராக இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, பதிவைக் காட்டிய பிறகும் இதையே சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுக்குத் தகடு கொடுப்பதாக இருந்தால், பைண்டர் எவ்வளவு, தடிமன் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்து, 600 டிகிரி வரையான ஏற்ற வேகத்தைக் கையெழுத்தோடு வாங்குங்கள். தர மறுத்தால் கொடுக்காதீர்கள். ஓர் அடுக்கைச் சுடாமல் உங்களிடமே வைத்திருங்கள்.