குழந்தைப் படம்: முகநூலா, புலனக் குழுவா, பகிர்வு ஆல்பமா?

முகநூலை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். ‘நண்பர்களுக்கு மட்டும்’ என்று வைத்தாலும் என் பட்டியலில் அறுநூறு பேர். பாதிப் பேரைச் சுங்கை சிப்புட் சந்தையில் நேரில் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியாது. ஆக, போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

மகன் பிறந்தபோது நான் போனது புலனக் குழுவுக்கு. முப்பத்தொரு பேர், எல்லாரும் சொந்தம். தொட்டிலில் மாட்டியிருந்த அட்டையும் தெரிய ஒரு படம் போட்டேன். அதில் என் பெயர், பிறந்த தேதி, நேரம், எடை எல்லாம் இருந்தது. மறுநாள் தோட்டத்து மாமா அதை அப்படியே முகநூலில் ஊருக்கே தெரியப் போட்டுவிட்டார். கேட்டால், “நல்ல சேதிதானேம்மா!” குழுவில் ‘அனைவருக்கும் நீக்கு’ அழுத்தினேன், அதற்கு இரண்டரை நாள் அவகாசம் உண்டு. என் படம் போனது, மாமா போட்ட நகல் போகவில்லை. அவர் ஷிப்ட் முடிந்து வந்துதான் எடுத்தார்.

பிறந்த தேதிக்கு இவ்வளவு பயமா என்று வீட்டுக்காரர் கேட்டார். நம் நாட்டில் பயப்படத்தான் வேண்டும். மைகிட் எண் 12 இலக்கம். 2024 மார்ச் 5 அன்று பேராக்கில் பிறந்த ஒரு பையனை எடுத்துக்கொள்வோம் (என் பையன் இல்லை!). முதல் ஆறு இலக்கம் 240305. அடுத்த இரண்டு, பேராக்குக்கான 08. மிச்சம் நாலுதான், அதிலும் கடைசி இலக்கம் பையனுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. 12 வயதில் மைகார்டு எடுக்கும்போதும் இதே எண்தான். அதனால் தேதியும் பிறந்த ஊரும் முழுப் பெயரும் ஒரே படத்தில் சேரவே கூடாது. ஜாதகத்துக்கு நேரம் கேட்கும் அத்தைக்குப் போனில் சொல்லிவிடுகிறேன்.

இப்போது எட்டு மாதமாகக் கூகள் போட்டோஸில் பகிர்வு ஆல்பம். ஒவ்வொருவரையும் மின்னஞ்சல் வைத்துச் சேர்த்தேன், இணைப்பு வழியாகப் பகிர்வதை அணைத்தேன். படம் எடுத்த இடத்தைக் காட்டும் தேர்வு தனியாக இருக்கிறது, அதையும் அணைத்தேன். அதில் கொஞ்சம் கவனம் வேண்டும்: புலனத்தில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் இடக்குறிப்பு உதிர்ந்துவிடும், ‘ஆவணம்’ என்று அனுப்பினால் கூடவே போகும். ஆனால் பின்னால் தெரியும் தாஸ்கா பெயர்ப்பலகையையும் கார் எண்ணையும் எந்தத் தேர்வும் மறைக்காது. அதை நாமே வெட்ட வேண்டும்.

ஆல்பத்தில் எனக்குப் பிடித்தது, நான் எடுத்தால் எல்லாருடைய கண்ணிலிருந்தும் படம் போய்விடுவது. அதற்குள் யாராவது சேமித்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, திரைப்பிடிப்பும் அப்படியே. இருந்தாலும் குழுவில் விரல் பட்டாலே அடுத்த குழுவுக்குப் போய்விடுமே, அந்த வேகம் இங்கே இல்லை. மாமா இதுவரை ஒன்றையும் வெளியே போடவில்லை. சொன்னதைக் கேட்டாரா, எப்படி எடுப்பது என்று தெரியவில்லையா, நான் கேட்கவில்லை.

பாட்டிக்கு மின்னஞ்சல் கிடையாது. அவருக்கு மாதம் பத்துப் படம் கடையில் கழுவிக் கொடுக்கிறேன்.