ஆறு ஆண்டுகளாக வேர்ட்: அழிக்கக் கூடாத அந்த ஒரு கோடு

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் பயிற்சி முடித்த சித்தி மகள், அறிக்கையைச் சேலத்தில் பைண்டிங் செய்யக் கொடுப்பதற்கு முந்தைய இரவு என்னை அழைத்து, "அண்ணா, அட்டையில ஒண்ணுன்னு நம்பர் வருது, நான் எதையுமே தொடல" என்றாள். ஆறு ஆண்டுகளாக வேர்டில் அறிக்கைகள் தயாரித்துவரும் எனக்கு, 'எதையுமே தொடல' என்றவுடனேயே அவள் எதைத் தொட்டிருப்பாள் என்று தெரிந்துவிட்டது.

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். அத்தியாயத் தலைப்புகளுக்கு Heading 1, உட்தலைப்புகளுக்கு Heading 2 என்று கொடுத்து எழுதிவிட்டால், பொருளடக்கத்தைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டியதே இல்லை. படங்களுக்கு Insert Caption வழியாகப் பெயரிட்டால், பழத்தோல் நீக்கும் இயந்திரத்தின் படத்தை இடையில் புதிதாகச் சேர்த்தாலும் பின்னால் உள்ள எண்கள் தாமே நகர்ந்துகொள்கின்றன. பொருளடக்கம் மட்டும் நாம் அதற்குள் கர்சரை வைத்து F9 அழுத்தி, Update entire table என்பதைத் தேர்ந்தெடுக்கும்வரை பழைய எண்களையே காட்டிக்கொண்டிருக்கும். அது ஒரு குறைதான், ஆனால் அதற்குப் பழகிக்கொள்ளலாம்.

பழக முடியாதது பக்க எண். அவளுடைய அறிக்கையில் எண் இல்லாத அட்டை, அதன் பின் ii முதல் v வரை சான்றிதழ், நன்றியுரை, பொருளடக்கம், படப் பட்டியல், பிறகு 1 என்று தொடங்கும் முதல் அத்தியாயம் என்று வர வேண்டும். இதற்குப் படப் பட்டியலின் முடிவில் Layout, Breaks, Next Page என்று போய், ஆவணத்தை இரு பகுதிகளாகப் பிரிக்கும் பகுதி முறிப்புக் கோடு ஒன்றை வைக்க வேண்டும். அதை முன்பே சரியாகத்தான் வைத்திருந்தாள். ஆனால் படப் பட்டியலுக்கு அடியில் இருந்த ஒரு வெற்றுப் பத்தி அந்த முறிப்பை அடுத்த பக்கத்துக்குத் தள்ளியதால், நடுவில் ஒரு வெற்றுப் பக்கம் வந்தது. அதைப் போக்க Delete பொத்தானை நான்கைந்து முறை தட்டியதில் பத்தியோடு முறிப்பும் போய்விட்டது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு பகுதியின் பக்க எண் வடிவம், தொடக்க எண், முதல் பக்கத்தில் மட்டும் எண்ணை மறைக்க உதவும் Different First Page ஆகிய அமைப்புகளை வேர்ட் அப்பகுதியின் முடிவில் உள்ள முறிப்புக்குள்தான் வைத்திருக்கிறது. முறிப்பை அழித்தால் முன்பகுதி தன் அமைப்பை இழந்து, பின்னால் உள்ள பகுதியின் அமைப்பை ஏற்றுக்கொள்கிறது. முன்னது பின்னதை விழுங்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள், நடப்பது நேர்மாறு. எனவே அட்டையில் 1, சான்றிதழில் 2, முதல் அத்தியாயத்தில் 6 என்றாகிவிட்டது. இத்தனையும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நடக்கிறது. பொருளடக்கமோ F9 அழுத்தும்வரை முதல் அத்தியாயம் 1ஆம் பக்கம் என்றே சாதித்துக்கொண்டிருந்தது.

அவள் கோப்பைச் சேமித்து மூடிவிட்டதால் Ctrl+Z உதவவில்லை. Ctrl+Shift+8 அழுத்தி மறைகுறிகளை வரவழைத்து, படப் பட்டியலின் கடைசி வரியில் மீண்டும் முறிப்பை வைக்கச் சொன்னேன். புதிய முறிப்பின் இரு பக்கமும் ஒரே அமைப்பு இருக்குமாதலால், 1இல் தொடங்கும் அத்தியாயப் பகுதி தானாகவே சரியாகிவிட்டது. பிறகு கர்சரை அட்டையில் வைத்து Different First Page தேர்ந்தெடுத்து, Format Page Numbers பெட்டியில் i, ii, iii வடிவத்தைக் கொடுத்தாள். இந்த வரிசை முக்கியம்: முறிப்புக்கு முன்பே Different First Page போட்டிருந்தால் அது இரண்டாம் பகுதிக்கும் தொற்றி, முதல் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் எண் காணாமல் போயிருக்கும்.

இந்தப் பணியில்தான் நான் ஒன்றைத் தாமதமாகக் கற்றேன். ரோமன் எண்ணுக்கும் சாதாரண எண்ணுக்கும் இடையில் மாறுவதற்கு Link to Previous என்பதை நிறுத்த வேண்டும் என்று ஆறு ஆண்டுகளாக நம்பி, ஒவ்வொரு அறிக்கையிலும் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்தப் பொத்தான் பக்கத்தின் அடிப்பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டுமே இணைக்கிறது. எண்ணின் வடிவமும் தொடக்கமும் அந்தந்தப் பகுதிக்கே உரியவை. இரு பகுதியிலும் எண் அடியில் நடுவில் வந்தால் போதுமென்றால், அதைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக F9 அழுத்தியபோது முதல் அத்தியாயம் 1, இரண்டாம் அத்தியாயம் 9 என்று பட்டியல் சரியாக வந்து நின்றது. பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிட்டாள். வேர்டுக்கு ஐந்தில் இரண்டு மதிப்பெண்தான் தருவேன், அதுவும் பொருளடக்கத்துக்காக மட்டும். இந்த மாதக் கடைசியில் என் அலுவலகத்தின் எண்பது பக்க அறிக்கை ஒன்று காத்திருக்கிறது, அதையும் இதில்தான் தொடங்கியிருக்கிறேன், மறைகுறிகளை அணைக்காமலேயே.