டிவி பட்டியலில் வரவில்லையா? கேஸ்ட்டா, மிராகாஸ்ட்டா என்று முதலில் பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் ஸ்மார்ட் டிவி இல்லாத வீடு இப்போது குறைவு. போனில் ஓடுவதை அதில் போட்டுப் பார்க்கலாம் என்றால், டிவியின் பெயரே பட்டியலில் வராது. உடனே டிவியையோ போனையோ குறை சொல்கிறோம். எந்த வழியில் தேடுகிறோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் டிவியைத் தேடும் விதமே வேறு.

கூகள் கேஸ்ட், வீட்டு வைஃபை வழியாகத் தேடுகிறது. யூடியூபின் மூலையில் இருக்கும் அந்தக் கேஸ்ட் சின்னம் இதுதான். போன் வைஃபைக்குள் ‘யார் இருக்கிறீர்கள்?’ என்று ஒரு குரல் கொடுக்கும், டிவி பதில் சொல்லும். அப்புறம் டிவியே இணையத்திலிருந்து நேராகப் படத்தை இழுத்துக்கொள்ளும். போன் ரிமோட் மட்டும்தான், பேட்டரி தப்பித்தது.

மிராகாஸ்ட் ரௌட்டரையே தேடாது. போனும் டிவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்கின்றன. சாம்சங் போனில் இது Smart View என்று இருக்கும். போன் திரை அப்படியே டிவியில் விழும், வாட்ஸ்அப் செய்தி வந்தால் அதுவும் சேர்ந்துதான். படம் ஓடும்வரை போன் விழித்திருக்க வேண்டும், சூடாகும்.

வீட்டில் இணைய லைன் இருந்தால் என் ஓட்டு கேஸ்ட்டுக்கே. ஆனால் டிவி காணாமல் போகும் தகராறும் இதில்தான் அதிகம். தாமான் வீடுகளில் அடிக்கடி பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன். ரௌட்டர் முன் ஹாலில். பின்னால் சமையலறையை இழுத்துக் கட்டிய பிறகு அங்கே சிக்னல் எட்டவில்லை என்று இன்னொரு ரௌட்டரை வாங்கி, முதல் ரௌட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்து மாட்டிவிட்டார்கள். டிவி பின் ரௌட்டரில், போன் முன் ரௌட்டரில். கோளாறு இந்த லைனில்தான் என்றேன்.

“மாமா, யூடியூப் ரெண்டுலயும் நல்லா ஓடுதே, அப்புறம் எப்படி லைன் கோளாறா இருக்கும்?” என்று அந்த வீட்டுப் பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். இணையம் இரண்டுக்கும் போகிறது, ஆனால் போன் கொடுக்கும் குரல் ஒரு ரௌட்டரைத் தாண்டி அடுத்ததற்குள் போகாது.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். போனில் வைஃபை விவரத்தைத் திறந்து ஐபி எண்ணைப் பாருங்கள், டிவியின் நெட்வொர்க் நிலையிலும் பாருங்கள். அந்த வீட்டில் போன் 192.168.0.14, டிவி 192.168.1.101. மூன்றாவது எண் வேறு, அதாவது இரண்டும் தனித்தனி வலை. போனைப் பின் ரௌட்டருக்கு மாற்றினால் அப்போதைக்குச் சரியாகும். நிரந்தரமாகச் சரிசெய்ய, பின் ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் Operation Mode என்பதை Access Point என்று மாற்றுங்கள். பிறகு டிவியின் பிளக்கைப் பிடுங்கி மாட்டுங்கள். ரிமோட்டில் அணைத்தால் டிவி தூங்கத்தான் செய்யும், பழைய எண்ணை விடாமல் வைத்திருக்கலாம். புது எண் 192.168.0 என்று தொடங்கினால் வேலை முடிந்தது.

முதல் மூன்று எண்ணும் ஒன்றாக இருந்தும் டிவி வரவில்லையா? இரண்டில் ஒன்று Guest வைஃபையில் இருக்கலாம், அல்லது ஒரே வைஃபையில் இருப்பவை ஒன்றோடொன்று பேசாமல் தடுக்கும் AP Isolation ரௌட்டரில் போட்டிருக்கலாம். சந்தேகம் தீர, இன்னொரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு உங்கள் போனையும் டிவியையும் அதில் சேருங்கள். அங்கே டிவி தெரிந்தால் குற்றவாளி ரௌட்டர்தான். தெரியாவிட்டால் போனில் விபிஎன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஐபோன் என்றால் அந்தச் செயலிக்கு Local Network அனுமதி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

லயத்து வீட்டில் போன் டேட்டாதான் எல்லாம் என்றால் மிராகாஸ்ட்தான் கைகொடுக்கும். படம் போன் டேட்டாவிலேயே ஓடும், ரௌட்டர் வேண்டாம். இங்கே டிவி தெரியாததற்குக் காரணங்கள் வேறு. பல டிவிகளில் Screen Share அல்லது Screen Mirroring பக்கத்தைத் திறந்து வைத்தால்தான் பெயர் வரும். எந்த வைஃபையிலும் சேராவிட்டாலும் போனில் வைஃபை ஆன் ஆகியிருக்க வேண்டும். தம்பி தங்கைக்காக ஹாட்ஸ்பாட் போட்டிருந்தால் அதை அணையுங்கள். பல போன்கள் இரண்டையும் சேர்த்துச் செய்வதில்லை. ஐபோனிலும் கூகளின் பிக்சல் போன்களிலும் மிராகாஸ்ட் கிடையாது, அதில் எவ்வளவு தேடினாலும் பலன் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் போன்ற செயலிகள் இந்த வழியில் வெறும் கறுப்புத் திரையைக் காட்டலாம், அது பதிப்புரிமைப் பூட்டு.

ஒயர் போட்டால் இந்தத் தேடலே வேண்டாம் என்பவர்கள் எச்டிஎம்ஐ கேபிள் வாங்கும் முன் போனின் விவரத்தைப் பாருங்கள். யூஎஸ்பி-சி ஓட்டை இருப்பதெல்லாம் படம் அனுப்பாது. டிஸ்ப்ளேபோர்ட் வசதி வேண்டும், விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் அது இருப்பதில்லை.