மணிக்கணக்கா, மாற்றக்கணக்கா: செயலிழப்பின்போது கான்ஃபரன்ஸ் காலில் இருக்கும் அனைவருக்கும் நிலவரம் சொல்லும் இரு முறைகள்

ஒரு சேவை முடங்கிக் கிடக்கும்போது, அதைச் சரிசெய்யும் பொறியாளர்கள் பத்துப் பேர் என்றால், என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு அதே கான்ஃபரன்ஸ் காலில் இருப்பவர்கள் ஐம்பது பேராவது இருப்பார்கள். சப்போர்ட் குழு, விற்பனைப் பிரிவு, மேலாளர்கள், இந்தச் சேவையை நம்பியிருக்கும் பிற குழுக்கள் என அந்த ஐம்பது பேரிடம் நிலவரம் சொல்வது, சரிசெய்யும் வேலையை வழிநடத்தும் இன்சிடென்ட் லீடின் பொறுப்பு. எப்போது வாய் திறப்பது என்பதில் அவர் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஏதேனும் மாறினால் மட்டும் பேசுவது. மற்றொன்று, மாறினாலும் மாறாவிட்டாலும் அறிவித்த நேரத்தில் பேசுவது. முதலாவதை மாற்றக்கணக்கு முறை என்றும், இரண்டாவதை மணிக்கணக்கு முறை என்றும் வைத்துக்கொள்வோம்.

ஒரு கற்பனை நிகழ்வை வைத்து இரண்டையும் உரசிப் பார்க்கலாம். 12 அப்ளிகேஷன் சர்வர்கள் ஒரே போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுடன் பேசுகின்றன. டேட்டாபேஸ் ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகளின் வரம்பான `max_connections` மதிப்பு 400. ஒவ்வொரு சர்வரும் தயாராகத் திறந்துவைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பான கனெக்‌ஷன் பூலும் அதிகபட்சம் 20 இணைப்புகள் வரை வைத்திருந்ததால், மொத்தம் 240-ஐத் தாண்ட வழியில்லை. காலை 9:50-க்குத் தொடங்கிய ஒரு கான்ஃபிக் மாற்றம் அந்த 20-ஐ 50 ஆக்குகிறது. பயனர்கள் பெருகப் பெருகப் பூல்கள் நிரம்பி, 600 வரை கேட்கத் தொடங்குகின்றன. 10:02-க்கு லாகின் முயற்சிகளில் பத்துக்கு நான்கு தோற்கின்றன. லாகில் இந்த வரி குவிகிறது:

```
FATAL: sorry, too many clients already
```

10:10-க்குப் பெரிய கால் திறக்கிறது. 10:18-க்குக் காரணம் பிடிபடுகிறது. 10:22-க்கு ரோல்பேக், அதாவது அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறும் வேலை, தொடங்குகிறது. ஒரு நேரத்தில் இரண்டு சர்வர்கள் என்ற கணக்கில், ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு நிமிடம் ஆகிறது. ஆறு சுற்றுகளும் முடிய 10:46 ஆகிவிடும்.

மாற்றம் வந்தால் மட்டும் பேசும் லீடுக்கு இங்கே உண்மையான அனுகூலம் ஒன்று உண்டு. 10:18-க்குக் காரணம் தெரிந்தவுடன் அவர் சொல்லிவிடுவார். அடுத்த அறிவிப்பு நேரம் வரட்டும் என்று யாரையும் காக்க வைக்கமாட்டார். பொறியாளர்களையும் நிலவரம் கேட்டுத் தொல்லைப்படுத்துவதில்லை. ஆனால் 10:22-க்குப் பின் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்காததால் அவர் மௌனமாகிறார். காலில் இருப்பவர்களுக்கு அந்த மௌனம் இரண்டு விதமாகக் கேட்கும்: வேலை சீராக நடக்கிறது, அல்லது யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எது என்று வெளியிலிருந்து பிரித்தறிய முடியாததால், யாரோ ஒரு மேலாளர் ரோல்பேக்கை ஓட்டிக்கொண்டிருக்கும் பொறியாளரின் பெயரைச் சொல்லி நேரடியாகக் கேள்வி கேட்கிறார். அவர் பதில் சொல்லும் இரண்டு நிமிடம் அடுத்த சுற்றைத் தொடங்கவேண்டிய நேரம்.

இதைவிடப் பெரிய பிரச்சினை, மாற்றத்திற்காகக் காத்திருப்பவர் நல்ல மாற்றத்தையே முதலில் கண்டுகொள்வதுதான். முதல் சுற்று 10:26-க்கு முடியும்போது, மறுதொடக்கமான இரண்டு சர்வர்கள் நூறு இணைப்புகளை விட்டுவிட்டு நாற்பதை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. அறுபது இடங்கள் காலியாகின்றன. 10:27-க்குத் தோல்வி விகிதம் 40-லிருந்து 15 சதவீதத்திற்கு இறங்குகிறது. லீட், "நிலைமை சீராகி வருகிறது" என்கிறார். சப்போர்ட் குழு அதை அப்படியே வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிடுகிறது. இன்னும் மாறாத பத்துச் சர்வர்களும் பசியோடு இருப்பதால், காலியான இடங்களை நான்கே நிமிடத்தில் நிரப்பிவிடுகின்றன. 10:31-க்கு விகிதம் மீண்டும் 35. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது முன்பே தெரிந்திருக்கும். எட்டுச் சர்வர்கள் பழைய மதிப்புக்குத் திரும்பினால்தான் மொத்தத் தேவை 360 ஆகி வரம்புக்குள் வரும். நான்காம் சுற்று முடியும் 10:38-க்கு முன் கிடைக்கும் எந்த முன்னேற்றமும் நிலைக்காது.

மணிக்கணக்கு முறையில் பேசும் லீடை இது தானாகக் காப்பாற்றிவிடாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பேசுகிறார் என்று வைத்துக்கொண்டால், அவருடைய 10:30 அறிவிப்பு அந்தப் பொய்யான இறக்கத்தின் நடுவில்தான் விழுகிறது. அவரைக் காப்பாற்றுவது அவர் பேசும் வரிசை. முதலில் பயனர்களுக்கு என்ன பாதிப்பு, அடுத்து என்ன செய்துகொண்டிருக்கிறோம், பிறகு எதைப் பார்த்தால் சரியானதாக எடுத்துக்கொள்வோம், கடைசியாக அடுத்த அறிவிப்பு எப்போது. தீயணைப்புத் துறையினர் வானொலியில் நிலை, செயல், தேவை என்று சொல்லும் வழக்கத்திற்கு இது நெருங்கிய உறவு. அந்த 10:30 அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

"மணி 10:30. லாகின் பிரச்சினை தொடர்கிறது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குப் பாதிப்பில்லை. தோல்வி விகிதம் இந்த நிமிடத்தில் 15 சதவீதம், ஆனால் இது மீண்டும் ஏறக்கூடும். காலையில் செய்த கான்ஃபிக் மாற்றத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டிருக்கிறோம். 12 சர்வர்களில் 4 முடிந்தன. எட்டு முடியும்வரை முன்னேற்றம் என்று யாரும் வெளியே சொல்லவேண்டாம். அடுத்த நிலவரம் 10:45-க்கு."

இந்த முறையின் நோய் வேறு. சொல்ல எதுவும் இல்லாத வேளையில் "இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்" என்ற வெற்று வாக்கியம் நுழைந்துவிடுகிறது. அதை இரண்டு முறை கேட்டவர் மூன்றாவது முறை காதைக் கழற்றி வைத்துவிடுகிறார். அதற்குப் பதிலாக, எதை விலக்கிவிட்டோம் என்று சொல்லலாம். காரணம் தெரியாத 10:15 அறிவிப்பில்கூட, "நெட்வொர்க் அல்ல, டிஸ்க் நிரம்பவில்லை, டேட்டாபேஸ் இயங்குகிறது, அதற்கும் சர்வர்களுக்கும் இடையிலான இணைப்புகளைப் பார்க்கிறோம்" என்பது மாற்றமில்லாத ஒரு நிலவரத்தையும் செய்தியாக்கும். அறிவிப்புக்கான விவரத்தை வேலையில் இருப்பவரிடம் வாய்விட்டுக் கேட்காமல், அவர்கள் சாட்டில் எழுதும் ஒற்றை வரிகளிலிருந்து எடுத்துக்கொள்வது நல்லது.

காலில் பேச்சு எழுத்தைப் போலல்ல, மேலே நகர்த்திப் படிக்க முடியாது. 10:29-க்குச் சேர்ந்தவருக்கு 10:15-க்குச் சொன்னது இல்லாத ஒன்று. ஆகவே "முன்பே சொன்னதுபோல" என்ற சொற்றொடர் அறிவிப்பில் இருந்தால் அந்த அறிவிப்பு பாதிக் காதுகளுக்குப் போய்ச் சேரவில்லை என்று கொள்ளலாம். அதேபோல, "பதினைந்து நிமிடத்தில்" என்பதைவிட "10:45-க்கு" என்பது மேல். பல நாடுகளிலிருந்து கேட்பவர்கள் இருந்தால் எந்த நேர மண்டலம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் தேர்வு மணிக்கணக்கு முறைதான், ஆனால் ஒரு விலக்கோடு. பாதிப்பு பெருகினால், கேட்பவர்களிடமிருந்து ஒரு முடிவு தேவைப்பட்டால், அல்லது தாம் முன்பு சொன்னது தவறென்று தெரிந்தால், லீட் நேரம் பார்க்காமல் பேச வேண்டும். மூன்றாவதுதான் கடினமானது. 10:27-க்கு "சீராகி வருகிறது" என்று வாய் தவறியவர், 10:31-க்குப் புதிய எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால், சப்போர்ட் குழு பழைய செய்தியையே அனுப்பிக்கொண்டிருக்கும். "10:27-க்கு நான் சொன்னது தவறு, அதை வெளியே சொல்லியிருந்தால் திரும்பப் பெறுங்கள்" என்ற வெளிப்படையான வாக்கியமே வேலை செய்யும்.

இடைவெளி எவ்வளவு என்பதை நடக்கும் வேலையின் நீளத்தோடு ஒப்பிட்டே முடிவுசெய்ய வேண்டும். நான்கு நிமிடச் சுற்றுகளுக்குப் பதினைந்து நிமிடம் பொருந்துகிறது, ஒவ்வொரு அறிவிப்பிலும் மூன்று சுற்றுகளுக்கான மாற்றம் இருக்கும். 10:45-க்கு லாகின் தோல்விகள் நின்று ஏழு நிமிடங்கள் ஆகியிருக்கும், கடைசி இரண்டு சர்வர்கள் பாக்கி. அப்போதும் லீட் முடிந்துவிட்டதென்று அறிவிக்காமல், இணைப்பு எண்ணிக்கை 240-க்குள் நிற்கிறதா என்று பார்க்கப்போவதாகவும், அடுத்த நிலவரம் 11:15-க்கு என்றும் சொல்லிவிட்டு மைக்கை அணைக்கலாம்.