லாஸ்பேட்டை செம்மண்ணில் இரண்டு எர்த் பிட்: 2019 முதல் எடுத்த அளவுகள்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீடு இருப்பது மேட்டுப் பகுதி. மேலே சிவப்பு மணல், அதற்குக் கீழே கடலூர் மணற்கல். மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் உள்ளே போய்விடும், வாசலில் சேறுகூட நிற்காது. வீட்டுக்கு இது வரம், எர்த்திங்குக்கு அப்படியில்லை. ஈரமும் அதில் கரைந்த உப்புகளும்தான் மண்ணில் மின்சாரத்தைக் கடத்துகின்றன. ஈரம் தங்காத மண்ணில் தடை ஏறிவிடும்.

2018-இல் வீடு கட்டும்போது போட்டது வழக்கமான உப்பு-கரிக் குழி. ஒன்றரை இன்ச் ஜிஐ பைப், பத்தடி நீளம், கீழ்ப்பகுதியில் சுற்றிலும் துளைகள். அதைச் சுற்றி ஓர் அடிக்குக் கரி, ஓர் அடிக்குக் கல் உப்பு என்று மாற்றி மாற்றி நிரப்பினார்கள். மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல், செங்கல் தொட்டி, வார்ப்பிரும்பு மூடி. வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியன் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பைப் போட்டு, "பளிச்சுன்னு எரியுது பாருங்க சார்" என்றார்.

அந்த பல்பு சோதனையை நம்பவே கூடாது. 100 வாட் பல்பு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. எர்த்தின் தடை 60 ஓம் இருந்தாலும் அங்கே வீணாவது 23 வோல்ட் அளவுதான், மிச்சம் 200-க்கு மேல் பல்புக்குப் போய்விடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒயர் அறுந்து போயிருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்கலாம், அவ்வளவுதான். நல்ல எர்த்தா, மோசமான எர்த்தா என்பதை அது சொல்லாது. அதனால் 2019 ஜனவரியில், மழைக்காலம் முடிந்த கையோடு, எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் ஒருவரை வரவழைத்து அளந்தேன். 6.8 ஓம். வீட்டுக்கு 5 ஓமுக்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள். இது கொஞ்சம் கூடுதல், ஆனாலும் பரவாயில்லை என்று விட்டோம்.

2021 மே மாதம் வாஷிங் மெஷினைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்றது. இந்த மாதிரி மெஷின்களின் மின் இணைப்பில் இரைச்சலைத் தடுக்க இருக்கும் ஃபில்டர் எப்போதும் துளி மின்சாரத்தை எர்த் ஒயருக்குள் விடும். எர்த் ஒழுங்காக இருந்தால் நமக்குத் தெரியாது. எங்காவது இணைப்பு விட்டிருந்தால் உடம்பில் தெரியும். தொட்டியைத் திறந்து பார்த்தால் கிளாம்பும் நட்டும் பச்சையும் பழுப்புமாகப் பூத்துக் கிடந்தன. கிளாம்பை மாற்றி, பைப்பின் தலையைச் சுரண்டிச் சுத்தம் செய்ததும் சுருக்கென்பது நின்றது. ஆனால் குழியின் தடையை அளந்தால் 16 ஓம். இரண்டு வருட மழையில் உப்பு கரைந்து கீழே போய்விட்டது. கரி மட்டும்தான் மிச்சம், அதுவும் கோடையில் காய்ந்த கரி.

16 ஓம் என்றால் என்ன ஆகும்? கீஸரில் ஃபேஸ் ஒயர் பாடியைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 16-ஆல் வகுத்தால் சுமார் 14 ஆம்பியர். கீஸருக்குப் போட்டிருக்கும் 16 ஆம்பியர் எம்சிபி இதை சாதாரண லோடு என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும். கீஸர் பாடியில் கிட்டத்தட்ட முழு வோல்ட்டேஜும் நிற்கும். சரி, 4 ஓமுக்குக் கொண்டுவந்தால்? 57 ஆம்பியர் வரை ஓடும். அப்போதும் நாம் பரவலாக வாங்கும் சி டைப் எம்சிபி உடனே விழாது, சில நொடிகள் எடுத்துக்கொள்ளும். நம் வீடுகளில் எர்த் என்பது நாமே மண்ணில் போட்டுக்கொள்வது, கம்பத்திலிருந்து வருவதில்லை. அதனால் உயிரைக் காப்பாற்றுவது, துளி மின்சாரம் கசிந்தாலே லைனைத் துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிதான். அதை அந்த வாரமே மாட்டினோம். எர்த் குழியை மட்டும் நம்பி ஆர்சிசிபி போடாமல் இருப்பவர்கள், குழி தோண்டுவதற்கு முன் அதை வாங்கிவிடுங்கள்.

இருந்தாலும் 16 ஓமை அப்படியே விட மனமில்லை. எலக்ட்ரீஷியன் மறுபடி உப்பு போடலாம் என்றார். போட்டால் இரண்டு வருடம் நன்றாக இருக்கும், அதற்குள் பைப்பையும் அரித்துவிடும். இன்னொருவர் தடிமனான பைப் போடச் சொன்னார். பைப்பின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் தடை எட்டில் ஒரு பங்குதான் குறையும். நீளத்தை இரட்டிப்பாக்கினால் கிட்டத்தட்ட பாதியாகும். அதோடு ஆழத்தில் கோடையிலும் ஈரம் இருக்கும் என்பது இன்னொரு லாபம். எங்கள் மேட்டு மண்ணில் கேள்வி ஆழம்தான், உப்பு இல்லை.

அதனால் இரண்டாவது குழியைக் கை போர் போடுபவரை வைத்து இருபதடி இறக்கினோம், ஆறு அங்குல அகலத்தில். பதினைந்தடியைத் தாண்டியதும் ஆகரில் வந்த மண் கையில் பிடித்தால் உருண்டையாக நின்றது. மேலே வந்ததெல்லாம் விரலிடுக்கில் ஒழுகிய மண். உள்ளே 17.2 மில்லிமீட்டர் காப்பர் பாண்டட் ராடு, பத்தடி நீளத்தில் இரண்டை கப்ளரால் இணைத்தது. வாங்கும்போது செம்புப் பூச்சு 250 மைக்ரான் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கடையில் அதே நிறத்தில், சும்மா செம்பு முலாம் பூசிய கம்பியும் கிடக்கிறது. நகத்தால் சுரண்டினால் தெரியாது, அரத்தால் ஓர் ஓரத்தைத் தேய்த்தால் தெரிந்துவிடும்.

சுற்றி நிரப்பியது பெண்டோனைட், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு வகைக் களிமண். பொடியாகக் கொட்டக் கூடாது. தண்ணீரில் தோசை மாவு பதத்துக்குக் கரைத்து மெதுவாக ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் காற்றுப் பைகள் நின்றுவிடும். இதற்கும் ஒரு குறை உண்டு. முழுக்கக் காய்ந்தால் சுருங்கி ராடை விட்டு விலகிவிடும். அதனால் மேல் நாலடிக்கு பெண்டோனைட் இல்லை, சலித்த செம்மண்தான். பழைய குழிக்கும் இதற்கும் இருபதடிக்கு மேல் இடைவெளி விட்டோம். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் இரண்டும் ஒரே மண்ணைப் பங்கு போட்டுக்கொள்ளும், இரண்டு குழிக்கான பலன் வராது.

அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏமாறுவது இங்கேதான். முதலில் மெயினை ஆஃப் செய்து, வீட்டுக்குப் போகும் எர்த் ஒயரை ராடிலிருந்து கழற்ற வேண்டும். கரண்ட் இருக்கும்போது கழற்றவே கூடாது. எங்கள் வீட்டில் கழற்றாமல் ஒரு முறை அளந்து பார்த்தார்கள், 2.1 ஓம் காட்டியது. சந்தோஷப்படுவதற்கில்லை. போர்வெல்லில் தண்ணீருக்குள் கிடக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரின் பாடியும் அதே எர்த் ஒயரில்தான் இருக்கிறது. டெஸ்டர் அளந்தது அந்த மோட்டாரையும் சேர்த்துத்தான். நாளை மோட்டாரைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பினால் அந்த 2.1 போய்விடும். ஒயரைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப் மீட்டரை மட்டும் கொண்டுவருபவர்களிடமும் இதே சிக்கல்தான். தனியாக நிற்கும் ஒற்றை ராடை அதனால் அளக்க முடியாது, திரும்பி வர இன்னொரு பாதை வேண்டும்.

கழற்றிய பிறகு ராடிலிருந்து ஒரே நேர்கோட்டில் இரண்டு முளைக் கம்பிகளை அடிக்க வேண்டும். எதிரே காலிமனை இருந்ததால் கரண்ட் முளையை 50 மீட்டரில் அடித்தோம், வோல்ட்டேஜ் முளையை 31 மீட்டரில். அதாவது மொத்தத் தூரத்தில் 62 சதவீதம். ரீடிங் 4.2. அதோடு நிறுத்தாமல் வோல்ட்டேஜ் முளையை மட்டும் 28-க்கும் 34-க்கும் மாற்றி அளக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு 4.1, 4.3 வந்தது. மூன்றும் ஒட்டி இருந்தால் நம்பலாம். தள்ளத் தள்ள ஏறிக்கொண்டே போனால் கரண்ட் முளை ராடுக்கு மிகவும் கிட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். காம்பவுண்டுக்குள்ளேயே பத்தடி தள்ளி இரண்டு முளையையும் அடித்து எடுக்கும் ரீடிங்குக்கு மதிப்பே இல்லை. முளை அடித்த இடம் காய்ந்திருந்தால் அங்கே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றலாம். ஆனால் அளக்கும் முன் குழியில் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள், நமக்குத் தெரிய வேண்டியது மே மாதத்துத் தடை.

ஆழத்துக்குச் செலவு செய்தது சரியா என்பதைப் பின்னால் வந்த அளவுகள் சொல்லின. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அந்த டிசம்பரில் தனித்தனியாக அளந்தபோது பழைய குழி 9 ஓம், ஆழ ராடு 3.8. அடுத்த மே மாதம் பழைய குழி 23-க்கு ஏறியிருந்தது, ராடு 4.4-இல் நின்றது. இரண்டையும் சேர்த்தால் மே மாதத்தில் 3.8.

பழைய குழி பழைய 16-ஐயும் தாண்டி 23-க்குப் போனதற்குக் கோடை மட்டும் காரணமில்லை. செம்பையும் துத்தநாகம் பூசிய இரும்பையும் ஈர மண்ணில் ஒயரால் இணைத்தால் அங்கே ஒரு பேட்டரி உருவாகிவிடும், அதில் அரிபடுவது இரும்புதான். இணைக்கும்போதே தெரியும். பழைய பைப் இருக்கும்வரை இருக்கட்டும் என்றுதான் சேர்த்தோம். புதிதாக இரண்டு குழி போடுபவர்கள் இரண்டையும் ஒரே உலோகத்தில் போடுவது நல்லது.

இதை அப்படியே கடலூர் ஓல்ட் டவுனில் செய்யாதீர்கள். அங்கே மாமா வீட்டில் சில அடியிலேயே உவர்த் தண்ணீர். உப்பு, கரி எதுவும் இல்லாமல் பத்தடி ஜிஐ பைப்புக்கே 2 ஓமுக்குக் கீழே வந்தது. ஆனால் ஐந்தாறு வருடத்தில் தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் பைப் துண்டாகிவிட்டது. மேலே தொட்டியில் பார்த்தால் பைப்பும் நட்டும் கிளாம்பும் ஜம்மென்று இருந்தன, அளந்தபோதுதான் தெரிந்தது. அங்கே பத்தடிக்கு மேல் ஆழம் வீண். பணத்தைக் காப்பர் பாண்டட் ராடில் போட்டு, பெண்டோனைட்டைக்கூட விட்டுவிடலாம். கிளாம்பைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் வைத்து கிரீஸ் தடவுங்கள். வருடத்துக்கு ஒரு முறை மே மாதத்தில், ஒயரைக் கழற்றி அளங்கள்.