47.0830: பாகை-நிமிடம்-விநாடியா, தசமப் பாகையா?

நில அளவைக்கான டோட்டல் ஸ்டேஷன் கருவியின் திரையில் கோணம் 47°08'30" என்று தெரிகிறது. அதையே கருவிக்குள் உள்ளிடும்போது பல மாடல்களில் 47.0830 என்று தட்டுகிறோம். புள்ளிக்குப் பின் முதல் இரண்டு இலக்கம் நிமிடம், அடுத்த இரண்டு விநாடி. பார்க்கத் தசமம் மாதிரி இருந்தாலும் அது தசமம் அல்ல.

உண்மையான தசமப் பாகை வேண்டுமென்றால் 30 விநாடியை 60-ஆல் வகுத்தால் 0.5 நிமிடம், 8.5-ஐ 60-ஆல் வகுத்தால் 0.141667. ஆக 47.141667°. திரும்பி வர, 0.141667-ஐ 60-ஆல் பெருக்கினால் 8.5, 8 நிமிடம் போக, மீதி 0.5-ஐ மறுபடி 60-ஆல் பெருக்கினால் 30 விநாடி.

47.0830-ஐ அப்படியே தசமமாக எடுத்துக்கொண்டால் 3 நிமிடம் 31 விநாடி பிசகும். 100 மீட்டரில் புள்ளி சுமார் 10 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்துவிடும், எல்லைக்கல் நட இது பெரிய பிழை. புள்ளிக்குப் பின் வரும் முதல் இரண்டு ஜோடிகளில் ஏதாவது ஒன்று 60-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அது தசமம்தான். தொடவில்லை என்றால் எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

களப்புத்தகத்துக்குப் பாகை-நிமிடம்-விநாடிதான் என் தேர்வு, கருவி காட்டுவதை அப்படியே எழுதலாம். கூட்டல், சராசரி, எக்செல் எல்லாவற்றுக்கும் தசமம். ஆனால் நான்கு இலக்கத்தில் நிறுத்தினால் கடைசி இலக்கமே 0.36 விநாடி, ஆறு வரை வைத்துக்கொள்ளுங்கள்.