சம்மா, எனியா? மச்சா, எ லாட் ஆஃபா?

கும்பகோணம் அரிசி ஆலையிலிருந்து வாங்குபவருக்கு ஓர் ஆங்கில மின்னஞ்சல்: “வி டோன்ட் ஹேவ் சம் ஸ்டாக்.” இருப்பே இல்லை என்று சொல்வதால் இங்கே எனி வேண்டும்.

கேள்வி என்றாலே எனி என்று பள்ளியில் படித்திருப்போம், அது பாதிதான் சரி. பொன்னி இருக்கிறதா என்று தெரியாமல் கேட்டால்: “டூ யூ ஹேவ் எனி பொன்னி?” மாதிரி அனுப்பட்டுமா என்று நாமே கொடுக்க முன்வந்தால்: “வுட் யூ லைக் சம் சாம்பிள்ஸ்?” இதைத் திருத்தவே வேண்டாம்.

அப்புறம், இருப்பு அதிகமில்லை என்பதற்கு “நாட் மச் ஸ்டாக்”, “நாட் எ லாட் ஆஃப் ஸ்டாக்” இரண்டும் சரி. பின்னது கொஞ்சம் பேச்சு வழக்கு. மூட்டைகளை எண்ணலாம் என்பதால் “மச் பேக்ஸ்” தவறு, அங்கே மெனி. எ லாட் ஆஃப், எண்ணக்கூடியதற்கும் எண்ண முடியாததற்கும் பொருந்தும். அவசர மின்னஞ்சலுக்கு என் ஓட்டு அதற்கே.